மேனேஜர் சாரின் ஃபேர்வெல்லில் பேசப் போகிறவர்களுக்கு: தமிழும் இங்கிலீஷும் கலந்த பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேனேஜர் சார் ரிட்டயர் ஆகிறார், எங்க ஷிப்ட் சார்பா நான் பேசணும். ஒவ்வொரு வரியையும் தமிழ்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்லணுமா?

வேண்டவே வேண்டாம். பிரிவு உபசாரப் பேச்சுகள் பலவும் இழுவையாகிப் போவதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். ஒரு வரியைத் தமிழில் சொல்லிவிட்டு உடனே அதையே இங்கிலீஷில் சொன்னால், இரண்டும் புரிகிறவர்கள் அந்த இரண்டாவது வரி முடியும்வரை சும்மா காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆலையில் பெரும்பாலானோர் அப்படித்தான், இரண்டும் புரிகிறவர்கள். சிரிக்க வைக்கும் வரி என்றால் இன்னும் மோசம். தமிழில் சிரித்தவர்கள் இங்கிலீஷில் மறுபடி சிரிக்க மாட்டார்கள், இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவரோ தனியாகச் சிரிக்கக் கூச்சப்படுவார்.

முன்வரிசையில் தமிழ் தெரியாதவர்கள் யார் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பொதுவாக இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்: டைரக்டர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், ஒருவேளை பெரிய வாடிக்கையாளர் ஒருவர். அவர்களுக்கென்று தனியாக நாலைந்து வரி வையுங்கள். அந்த வரிகள் தமிழில் சொன்னதன் மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது. தமிழில் சொல்லாத புதுச் செய்தி ஒன்று அதில் இருக்க வேண்டும். அப்போதுதான் இங்கிலீஷ் பகுதி வரும்போதும் கூட்டம் காது கொடுக்கும்.

அப்போ எந்த இடத்துல தமிழ், எந்த இடத்துல இங்கிலீஷ்? எப்படி முடிவு பண்றது?

யாரைப் பார்த்துப் பேசுகிறீர்களோ அவருடைய மொழி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும். தொழிலாளர்களைப் பார்த்தால் அவர்களுடைய பேச்சுத் தமிழ். டைரக்டரைப் பார்த்தால் இங்கிலீஷ். சாரின் மனைவியைப் பார்த்தால் தமிழ், அதிலும் ஆலைச் சொல் எதுவும் இல்லாத வீட்டுத் தமிழ். மொழி மாறும் இடத்தில் பார்வையும் மாற வேண்டும். ஒரு வாக்கியம் முடிந்து, ஒரு மூச்சு விட்டு, முகத்தைத் திருப்பிவிட்டுப் பேசினால், ஏன் மொழி மாறியது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். பாதி வாக்கியத்தில் முழு இங்கிலீஷுக்குத் தாவினால்தான் இடறும்.

தனிச் சொற்கள் விஷயம் வேறு. அங்கே அளவுகோல் உங்கள் ஷிப்டில் புழங்கும் சொல்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் பால் ஆலையை எடுத்துக்கொள்வோம். அங்கே யாரும் ‘மையவிலக்குப் பொறி’ என்று சொல்வதில்லை, சென்ட்ரிஃபியூஜ் அல்லது வெறும் மெஷின்தான். பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் டிஆர்சி, பௌல், டேங்க், ஷிப்ட் எல்லாம் அப்படியே வரட்டும். தூய தமிழ் வேண்டும் என்று மேடைக்காக மாற்றினால் கேட்பவர்கள் உள்ளுக்குள் திரும்பவும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் பொருந்தும். பால்வெட்டு, ஒட்டுப்பால் என்று தினமும் சொல்கிறவர்கள் மேடை ஏறியதும் ‘டேப்பிங்’, ‘ஸ்கிராப்’ என்று சொன்னால் அது வேறு யாரோ பேசுவது போல இருக்கும். வினைச்சொல் மட்டும் எப்போதும் தமிழாகவே இருக்கட்டும்: ‘மெஷின் ட்ரிப் ஆச்சு’, ‘சாம்பிள் எடுத்தோம்’, ‘டேங்கை காலி பண்ணினோம்’. நாம் இயல்பாகப் பேசுவதே இப்படித்தான்.

எவ்வளவு நேரம் பேசலாம்?

மூன்றிலிருந்து நான்கு நிமிடம். மைக்கில் நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் போகும். ஆகவே தாளில் 300 சொல்லுக்கு மேல் இருந்தால் வெட்ட ஆரம்பியுங்கள். டைரக்டர், யூனியன், பழைய ஊழியர் ஒருவர் என்று உங்களுக்கு முன்னும் பின்னும் பேச ஆள் இருக்கும். கடைசியாகப் பேச வேண்டியவர் சார். அவருக்கு நேரம் மிச்சம் வைக்க வேண்டும்.

டெடிகேட்டட், சின்சியர், ஹார்ட் ஒர்க்கிங்னு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன். சரியா வருமா?

எழுதியதைத் தூக்கிப் போட வேண்டாம், அதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ‘எப்போது?’ என்று எழுதிப் பாருங்கள். சின்சியர் என்று எழுதினீர்கள் அல்லவா, அவர் சின்சியராக இருந்ததை நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு நாள் எது? நாள் எதுவும் வரவில்லை என்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். நாள் வந்துவிட்டால் சொல்லே தேவையில்லை, அந்த நாளைச் சொன்னால் போதும்.

அந்த நாளையும் விவரமாகத் தோண்ட வேண்டும். அன்று ஆலையில் என்ன சிக்கல், மற்றவர்கள் என்ன செய்ய நினைத்தார்கள், அவர் என்ன முடிவெடுத்தார், அப்போது வாயிலிருந்து வந்த சொல் என்ன, அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது. ‘மற்றவர்கள் என்ன செய்ய நினைத்தார்கள்’ என்பதுதான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் அவர் எடுத்த முடிவில் என்ன அருமை என்று கேட்பவருக்குப் புரியாது. அன்று அந்த ஷிப்டில் இருந்த இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருப்பவர் சார், விவரம் தப்பினால் முதலில் கவனிப்பது அவர்தான்.

நிகழ்ச்சி ஒன்றே ஒன்று போதும். மூன்று சொன்னால் மூன்றும் சுருங்கிப் போகும்.

ஒரு முழுப் பேச்சு எழுதிக் காட்ட முடியுமா?

காட்டலாம். ஆலையும் மனிதர்களும் மாதிரிக்காக நானே வைத்துக்கொண்டவை. ஓகி புயலும் அதன் தேதியும் மட்டும் நிஜம். பேசுகிறவர் ரப்பர் பால் செறிவாக்கும் ஆலையில் ஒரு ஷிப்ட் இன்சார்ஜ். தோட்டத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். சென்ட்ரிஃபியூஜில் பௌல் என்ற பாத்திரத்தில் சுழற்றி அதை 60 சதவீதத்துக்குக் கொண்டுவருவது அந்த ஆலையின் வேலை. பால் கெடாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். கெட ஆரம்பித்ததா என்று காட்டும் லேப் அளவுக்கு விஎஃப்ஏ என்று பெயர். இந்த அளவு தெரிந்தால் வெளியாட்களுக்கும் பேச்சு புரிந்துவிடும்.

> எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு ஷிப்டும் இப்படி ஒண்ணா நிக்கிறது சாருக்குப் பிடிக்காது. ஹேண்டோவர் முடிஞ்சா ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டார். இன்னைக்கு ஒருநாள் நிக்கிறோம் சார், கோவப்படாதீங்க.
>
> நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போறேன். 2017 நவம்பர் 30, ஓகி புயல் அடிச்ச நாள். ரப்பர் மரம் முறியிற சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டுது. கரண்ட் போச்சு. முந்தின ரெண்டு நாள் வந்த பால் ரெண்டு டேங்க்ல நிறைஞ்சு கிடக்கு. ஜெனரேட்டர்ல ஒரு மெஷின்தான் ஓடும். டீசல் எவ்வளவு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ரோடு முழுக்க மரம்.
>
> நாங்க என்ன நினைச்சோம்னா, புதுப் பாலையாவது காப்பாத்துவோம், பழசு போனா போகட்டும்னு. சார் வந்தார். ரெண்டு டேங்க் மூடியையும் திறந்து மோந்து பார்த்தார். ‘பழசை முதல்ல ஓட்டு மக்கா. புதுசுக்கு அமோனியா ஏத்து, அது தாங்கும். ஷிப்டுக்கு ரெண்டு தடவை விஎஃப்ஏ பாத்து எனக்குச் சொல்லு’ன்னார். சத்தம் போடல. கூட்டம் போடல.
>
> அப்புறம் ஒண்ணு கேட்டார். ‘வீட்டு மேல மரம் விழுந்தவங்க யாரெல்லாம்?’ மூணு பேர் கை தூக்கினோம். ‘நீங்க கிளம்புங்க. கூரையைப் பாத்துட்டு வந்தா போதும்.’ நான் அந்த மூணு பேர்ல ஒருத்தனாக்கும். ரெண்டு நாள் கழிச்சு நான் திரும்பி வந்தப்ப, பௌல் கழுவுற இடத்துல முழங்கை வரைக்கும் பால் ஒட்டி ஒருத்தர் நிக்கிறார். லேப் ஆளுன்னு நினைச்சேன். திரும்பினா நம்ம சார்.
>
> டைரக்டர் சார், யூ சா த ரிப்போர்ட் ஃபார் தட் வீக். இட் செட், நோ மெட்டீரியல் லாஸ். இட் டிட் நாட் சே ஹூ வாஷ்ட் த பௌல்ஸ் அட் நைட், சோ தட் த்ரீ ஆஃப் அஸ் குட் கோ ஹோம். ஐ வாண்டட் யூ டு ஹியர் இட் ஃப்ரம் ஒன் ஆஃப் த த்ரீ.
>
> அக்கா, அந்த வாரம் முழுக்க சார் வீட்டுக்குச் சரியா வரல. உங்க வீட்டுலயும் கரண்ட் இல்ல, தண்ணி இல்லன்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். ஒருநாளும் நீங்க அதை எங்ககிட்ட சொல்லிக் காட்டினதில்ல. ரொம்ப நன்றி அக்கா.
>
> சார், ஷிப்ட் மாறும்போது நீங்க கேக்கிற கேள்வியை இனிமே நாங்க கேக்கிறோம்: ‘எல்லாரும் வந்தாச்சா, எல்லாரும் பத்திரமா போயாச்சா?’ இந்தப் பக்கம் வந்தா கேட்டோட நிக்காதீங்க, உள்ள வாங்க. டீ நம்ம கேன்டீன்ல. உடம்பைப் பாத்துக்குங்க சார். வணக்கம்.

இதுல இங்கிலீஷ் வரி நாலுதானே? டைரக்டருக்கு முழுக் கதையும் புரியாதே?

முழுக் கதை புரிய வேண்டியதில்லை. ஓகி, ஜெனரேட்டர், டேங்க், அமோனியா, விஎஃப்ஏ என்று தமிழ்ப் பகுதியிலேயே அவர் பிடித்துக்கொள்ளப் போதுமான சொற்கள் இருக்கின்றன. ஆலைச் சொற்களை அப்படியே விட்டதில் கிடைத்த லாபம் இது. அவருக்குத் தெரியாத ஒன்று, அவர் பார்த்த ரிப்போர்ட்டில் விடுபட்டது. அதை மட்டும் இங்கிலீஷில் சொல்கிறோம். சேதம் எதுவும் ஆகவில்லை என்ற முடிவும் அந்த வரியில்தான் முதன்முதலாக வருகிறது. கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள தொழிலாளர்களும் அந்த இங்கிலீஷைக் கவனிப்பார்கள். சொற்களெல்லாம் அவர்கள் தினமும் கேட்பவைதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரையாவது டைரக்டரின் காதில் மொழிபெயர்க்கச் சொல்லலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. செய்யலாம், ஆனால் அவர் பேச்சைத் தாளில் முன்பே படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் தேங்கிவிடுவார், அந்த முணுமுணுப்பு முன்வரிசை முழுக்கக் கேட்கும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. நாலு வரியே பயமா இருக்கு.

அந்த நாலு வரியைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், மேலே காட்டியது போல. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தால் மைக் முன்னால் எழுத்துக்கூட்ட வேண்டிவரும். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. வாயில் தடுக்கும் சொல் வந்தால் எளிதான சொல்லாக மாற்றுங்கள். ‘டெடிகேஷன்’ சுலபமாக வரும், ‘பெர்சிவியரன்ஸ்’ வராது. வராத சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. எழுதியதை இங்கிலீஷ் நன்கு தெரிந்த ஒருவரிடம், லேப் கெமிஸ்டிடமோ அக்கவுண்ட்ஸில் இருப்பவரிடமோ, ஒருமுறை படித்துக் காட்டினால் போதும். இலக்கணத்தைவிட, எங்கே மூச்சு விடுவது என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பு பற்றிக் கவலைப்பட வேண்டாம். பல வருடம் இதே உச்சரிப்பில்தான் சாருக்கு ரிப்போர்ட் சொல்லியிருக்கிறீர்கள்.

நம்ம ஊர்ப் பேச்சு மேடையில வரலாமா? மலையாள வாடை அடிக்குதுன்னு சொல்லுவாங்களே?

வரட்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தமிழில் மலையாளச் சாயல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வேலை பார்ப்பதும், இந்தப் பக்கம் வந்து பெண் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. ஆலையில் ‘ஒருத்தனாக்கும்’, ‘மக்கா’ என்று பேசிவிட்டு மேடையில் செய்தி வாசிப்பது போலப் பேசினால் பேச்சில் உயிர் இருக்காது.

எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிகழ்ச்சிக்குள் வரும் பேச்சுகளை, குறிப்பாக சார் சொன்ன சொற்களை, அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே ஊர் வழக்கில் எழுதுங்கள். அவர் நாகர்கோவில்காரர் என்றால் ஒரு மாதிரி, மதுரையிலிருந்து வந்தவர் என்றால் வேறு மாதிரி. ஆனால் அவருடைய வழக்கை நடித்துக் காட்ட வேண்டாம். குரலை மாற்றி மிமிக்ரி செய்தால் சொன்ன செய்தி போய், சிரிப்பு மட்டும் நிற்கும். அவருடைய உறவினர்கள் முன்னால் அது நன்றாகவும் இருக்காது.

‘சார்’னு கூப்பிடணுமா, ‘அண்ணாச்சி’னா? அவங்க வீட்டம்மாவை எப்படி அழைக்கிறது?

நேற்றுவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படி. சார் என்று கூப்பிட்டவரை மேடையில் திடீரென்று அண்ணாச்சி ஆக்கினால் செயற்கையாக இருக்கும். அவருடைய மனைவி ஆயுத பூஜைக்கு ஆலைக்கு வந்து, எல்லாரும் அக்கா என்று அழைத்துப் பழகியிருந்தால் அக்கா. முன்பின் பார்த்ததில்லை என்றால் அம்மா என்பது மரியாதை. வயதில் உங்களைவிடச் சிறியவர் என்றால் மேடம் போதும்.

இன்னொரு தடுமாற்றத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். ‘அவர்’ என்று தொடங்கி, நடுவில் ‘நீங்க’ என்று மாறி, மறுபடி ‘அவர்’ ஆகிவிடும். நிகழ்ச்சியைச் சொல்லும்போது கூட்டத்தைப் பார்த்து ‘சார் வந்தார், பார்த்தார்’. முடிவுப் பகுதியில் அவரைப் பார்த்து ‘நீங்க’. தொடக்கத்தில் அவரைச் சீண்டும் ஒரு வரி வந்தால் அங்கேயும் ‘நீங்க’ சரிதான், ஏனென்றால் அது அவரைப் பார்த்துச் சொல்வது.

உண்மையைச் சொன்னா சார் ரொம்பக் கண்டிப்பு. பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. அன்பானவர்னு சொன்னா சிரிப்பாங்க.

அன்பானவர் என்று சொல்லாதீர்கள். கண்டிப்பையே சொல்லுங்கள், ஆனால் அது எதற்காக என்பதோடு சேர்த்து. மாஸ்க் போடாமல் அமோனியா வால்வைத் திறந்த ஒருவரை சார் ஷிப்ட் நடுவிலேயே வெளியே அனுப்பினார், எல்லாருக்கும் கோபம் என்று வைத்துக்கொள்வோம். அமோனியா கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், மூச்சுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பது ஆலையில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே இப்படிச் சொல்லலாம்: ‘அன்னைக்கு சார் மேல எங்களுக்குக் கோபம்தான். இன்னைக்கு அந்த வால்வ் பக்கம் மாஸ்க் இல்லாம யாரும் போறதில்ல. புதுசா வர்ற பையன் போனா நாங்களே திட்டுறோம்.’ இதில் பொய் ஒன்றுமில்லை. பிடிக்காதவர்களும் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அவர்களுடைய கோபத்தை நீங்கள் மறைக்கவில்லை.

வெளியே அனுப்பப்பட்டவரின் பெயரைச் சொல்லக் கூடாது. அவர் கூட்டத்தில்தான் இருப்பார். அவர் சம்மதித்தால், இந்தக் கதையை அவரையே சொல்ல வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

சம்பளத் தகராறு, சஸ்பென்ஷன், யூனியன் பிரச்சினை, இன்கிரிமென்ட் இதெல்லாம் இந்த மேடைக்கு வேண்டாம். பிஎஃப், கிராஜுவிட்டி பற்றிய பேச்சும் வேண்டாம், கிண்டலுக்குக்கூட.

எழுதிப் பார்த்தா இரங்கல் கூட்டத்துல பேசுற மாதிரியே இருக்கு. ஏன்?

உங்கள் தாளில் இந்தச் சொற்கள் இருக்கிறதா பாருங்கள்: ஈடு செய்ய முடியாத இழப்பு, வெற்றிடம், நம்மை விட்டுப் பிரிகிறார், என்றும் நம் நினைவில் வாழ்வார், நல்ல மனிதராக வாழ்ந்தார். இவையெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் படித்துப் படித்து நம் கைக்கு வந்தவை. ஃபேர்வெல் பேச்சு எழுத உட்கார்ந்தாலே இவைதான் முதலில் வந்து நிற்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் 58 வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார், பக்கத்தில் அவருடைய மனைவி. இந்தச் சொற்களைக் கேட்டு அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு திருத்தம் போதும். அவருடைய குணத்தைச் சொல்லும் வரிகளை நிகழ்காலத்துக்கு மாற்றுங்கள்: ‘சார் யாரையும் காக்க வைத்ததில்லை’ என்பதைவிட ‘சார் யாரையும் காக்க வைக்க மாட்டார்’. நடந்த நிகழ்ச்சி மட்டும் இறந்த காலத்தில் இருக்கட்டும். அடுத்து, முடிவில் அவர் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் கொடுங்கள். ஆயுத பூஜைக்கு வாங்க, புது டேங்க் கமிஷன் ஆகும்போது வாங்க, கேன்டீனுக்கு டீ குடிக்க வாங்க. இங்கிலீஷில் ‘வீ வில் மிஸ் யூ சார்’ சொல்லலாம், அதில் தவறில்லை. ஒருமுறை போதும்.

வடக்கே இருந்து வந்த பையன்களும் வேலை செய்றாங்க. அவங்களுக்குத் தமிழும் கொஞ்சம்தான், இங்கிலீஷும் கொஞ்சம்தான்.

அவர்களுக்காக மூன்றாவது மொழியில் ஒரு பகுதி சேர்த்தால் பேச்சு நீளும். அதைவிட, அவர்களில் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு அவருடைய மொழியிலேயே இரண்டு வரி பேச வைத்து, பொன்னாடையைப் போட வைக்கலாம். சார் அவர்களிடம் உடைந்த ஹிந்தியில் ஏதாவது சொல்லும் பழக்கம் இருந்தால் அந்த ஒரு சொல்லை உங்கள் பேச்சில் வைக்கலாம். அவர்கள் பக்கமிருந்து கைதட்டல் வரும்.

மேற்கோள், சினிமா வசனம், கவிதை?

சார் தினமும் சொல்லும் சொலவடை ஒன்று இருக்கும். அதைச் சொல்லுங்கள். அதைவிட நல்ல மேற்கோள் அந்த மேடைக்குக் கிடையாது. நீங்களே எழுதிய கவிதை என்றால் அதை ஃபிரேம் போட்டுப் பரிசாகக் கொடுத்துவிடலாம். மைக்கில் வேண்டாம்.

எப்போ, எங்க வச்சா நல்லது?

மாதக் கடைசி வேலை நாள், இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். காலை ஷிப்ட் இறங்கும், மதிய ஷிப்ட் ஏறும், ஜெனரல் ஷிப்டும் இருக்கும். இரவு ஷிப்ட்காரர்கள் தூக்கத்தை விட்டு வர வேண்டும், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரப்பர் பால் ஆலையில் சென்ட்ரிஃபியூஜை சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பௌலைக் கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். அந்த நிறுத்தம் இரண்டு மணியை ஒட்டி வரும்படி அன்று காலையே திட்டமிட்டால் சத்தமும் குறையும், ஆட்களும் வரலாம். அப்படியும் மெஷின் பக்கமும் டேங்க் பக்கமும் இரண்டு பேராவது நிற்க வேண்டும். அவர்களையும் பேச்சில் ஒருமுறை குறிப்பிடுங்கள்: ‘உள்ள டேங்க் பாத்துக்கிட்டு நிக்கிறவங்க சார்பாவும் பேசுறேன்’. வீடியோ எடுப்பவர் அவர்களுக்கு அப்புறம் காட்டுவார்.

இடம் கேன்டீன் அல்லது குடோன். அமோனியா வாடை வரும் பக்கம் வேண்டாம். விருந்தினருக்குக் கண் எரிந்தால் அவர் அழுகிறார் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஜூன் தொடங்கியோ, அக்டோபர் நவம்பரிலோ என்றால் மழைக்கு ஏற்பாடு வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். தகரக் கூரை மேல் மழை விழுந்தால் மைக்கே கேட்காது, ஓட்டுக் கட்டடமோ கான்கிரீட் கட்டடமோ பாருங்கள்.

தாளைப் பார்த்துப் படிக்கலாமா?

தாராளமாக. மடித்த ஏ4 தாள், பெரிய எழுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் ஒரு வரி இடைவெளி. மொழி மாறும் இடத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்: ‘டைரக்டர்’, ‘அக்கா’, ‘சார்’. மொபைலில் படிக்க வேண்டாம், நடுவில் போன் வரும்.

வீட்டில் இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் மொழி மாறும் இடத்தில் நாக்கு தடுக்குவது தெரியாது. ஒரே இடத்தில் இரண்டு முறையும் தடுக்கினால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

பேசும்போது எனக்கே அழுகை வந்துட்டா?

நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், கூட்டம் காத்திருக்கும். பெரும்பாலும் சாரையோ அவருடைய மனைவியையோ நேராகப் பார்க்கும் பகுதியில்தான் இது வரும். ஆகவே அந்தப் பகுதியைக் கடைசியில் வைத்திருக்கிறோம். அங்கே வரிகளும் சின்னது, தொண்டை அடைத்தாலும் சொல்லி முடித்துவிடலாம். முடியவே இல்லை என்றால் ‘உடம்பைப் பாத்துக்குங்க சார்’ என்ற ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள். தாளை அவரிடமே கொடுத்துவிடலாம், மீதியை அவர் வீட்டில் படித்துக்கொள்வார்.